செவப்பு இன்ட்டு மார்க்கு

டெலிட் பண்ற எடம் எங்க இருக்குதுன்னே ஹரிதாவுக்கு தெரியல. தெனமும் பாக்குற ஆப்பு தான். ஓரத்துல மூணு புள்ளி, அத தொட்டா ஒரு லிஸ்ட்டு வரும், லிஸ்ட்டுக்கு கடசில டெலிட்டுன்னு இருக்கும். இன்னிக்கி பாத்து விரலு அந்த மூணு புள்ளிய தாண்டி தாண்டி போவுது. ரெண்டு தடவ தப்பா தொட்டு, டெலிட் பண்ண வேண்டிய வீடியோவ அவளே ஷேர் பண்ணிட்டா. ஒண்ணு காலேஜு குரூப்புக்கு போச்சு. இன்னொண்ணு கேஸ் சிலிண்டர் போட்றவருக்கு போச்சு. அவரு ஒடனே கட்ட வெரல் போட்டாரு.

அவ ஒளிஞ்சிக்கினு இருந்தது ஆந்திரா புத்தூர் பஜாருல, நாகபூஷணம் ஓனரோட வீட்டு சாமான் கடையில, ஃபிரிட்ஜு அட்டப்பெட்டிங்களுக்கு பின்னால. வாசல் பக்கம் ஒரு பொம்பளையோட கொரலு கேட்டுக்கினே இருந்துச்சு. கத்தல. கத்தினா கூட பரவால்ல. பொறுமையா, ஒரே மாதிரி, திருப்பி திருப்பி சொல்லிக்கினு இருந்துச்சு.

"நான் கிரைண்டர் இல்லாம போவ மாட்டேன். வீட்ல ரெண்டு படி அரிசி ஊறிக்கினு கீது."

அந்தம்மா பேரு வெங்கடலட்சுமி. நாகலாபுரம் பக்கத்துல ஒரு கிராமம். காலையில வீட்டு வாசல்ல இட்லி போட்டு விக்கிறவங்க. ரெண்டு பஸ்ஸு மாறி, முந்தானையில ரெண்டாயிரத்து தொள்ளாயிரத்து தொண்ணூத்தொம்போது ரூபாய முடிஞ்சிக்கினு வந்திருந்தாங்க. மூவாயிரத்துக்கு ஒரு ரூபா கொறையறத கூட சரியா வச்சிருந்தாங்க, சில்றயா. கடையில போட்ட பிளாஸ்டிக் நாற்காலிய வேணாம்னுட்டு, புது கிரைண்டரு ஒண்ணு இருந்த அட்டப்பெட்டி மேலயே ஏறி ஒக்காந்துட்டாங்க. எறக்கணும்னா அவங்களயும் சேத்து தான் எறக்கணும்.

எதிர்ல கைய கட்டிக்கினு நின்னது சிட்டிபாபு. கடையில பன்னெண்டு வருசமா சேல்ஸ்மேன். வீடியோவுல நடிச்சதும் அவரு தான். வீடியோவுல சிரிச்ச மொகம், இப்ப இஞ்சி துன்ன மாதிரி இருந்துச்சு.

"யக்கா, நான் எத்தினி தடவ சொல்றது. இது எக்ஸ்சேஞ்ச் ஆஃபரு. நீங்க பழைய கிரைண்டர எடுத்துக்கினு வந்து குடுத்தா தான் ரெண்டாயிரத்து தொள்ளாயிரத்து சொச்சம். பழசு இல்லன்னா ஐயாயிரத்து ஐந்நூறு."

"பழசு தான் வித்துட்டேனே."

"யார்கிட்ட?"

"பழைய இரும்புக்காரன் கிட்ட. நேத்து."

"ஏங்கா வித்தீங்க?"

"நீ தானேப்பா விக்க சொன்ன."

சிட்டிபாபு சாமி படத்த பாத்தாரு. சாமி படத்துக்கு கீழ இருந்த டிவியில அவரே ஓடிக்கினு இருந்தாரு. கடை டிவியில அந்த வீடியோவ காலையில இருந்து சுத்தி சுத்தி வுட்டு வச்சிருந்தாங்க, சத்தத்த கம்மி பண்ணி.

ஹரிதா அட்டப்பெட்டி சந்துல இருந்து எட்டி பாத்தா. அவளுக்கு பதினேழு வயசு. ஜூனியர் காலேஜுல இன்டர் பரீட்ச, அதான் ப்ளஸ் டூ, எழுதிட்டு ரிசல்ட்டுக்கு காத்துக்கினு இருந்தா. சும்மா வீட்ல குந்திக்கினு போன் நோண்டறதுக்கு, கடைக்கு போயி நோண்டினா காசாவது வரும்னு அவங்கம்மா தேவயானி தான் ஓனரு கிட்ட சொல்லி சேத்து வுட்டாங்க. "எம்பொண்ணு வீடியோ வேல சூப்பரா செய்வா சார். தப்பே வராது." அப்டின்னு சொல்லி வச்சிருந்தாங்க. அந்த கடசி வார்த்தய சொல்லாம வுட்டிருக்கலாம்.

உண்மைய சொல்லணும்னா அவ அந்த வேலைய நல்லா தான் செஞ்சா.

வீடியோ முப்பது செகண்டு. சிட்டிபாபு கடை வாசல்ல நின்னுக்கினு, ஒரு பக்கம் பழைய கிரைண்டரு, ஒரு பக்கம் புது கிரைண்டரு வச்சிக்கினு, தமிழ்ல பேசுறாரு. "வீட்ல ஓடுற கிரைண்டரோ, ஓடாத கிரைண்டரோ, எதுவா இருந்தாலும் சரி, அத நேரா நம்ம கடைக்கு எடுத்துக்கினு வாங்க! குடுத்துட்டு வெறும் ரெண்டாயிரத்து தொள்ளாயிரத்து தொண்ணூத்தொம்போது ரூபா கட்டுங்க! புதுசா ரெண்டு லிட்டரு டேபிள் டாப் கிரைண்டரு எடுத்துக்கினு போங்க!" கொரலு தெருக்கோடி வரைக்கும் கேக்கும். சந்தேகமே வராது.

ஆனா முக்கால்வாசி பேரு வீடியோவ சத்தம் வச்சி பாக்கறதில்ல. ஹரிதாவே அப்டித்தான். பஸ்ஸுல, ஆஸ்பத்திரியில, தூங்கற புள்ளைக்கு பக்கத்துல, எங்கியும் சத்தமில்லாம தான் தள்ளிக்கினு போவாங்க. அதனால பேசறத எல்லாம் எழுத்தா போடணும்னு ஓனரு கிட்ட அவ தான் சொன்னா. ஓனரு யோசிச்சி பாத்து, "போடு" அப்டின்னாரு.

போட்டா. முதல் மூணு செகண்டுக்குள்ள ஆஃபரு தெரியணும், இல்லன்னா தள்ளிட்டு போயிடுவாங்கன்னு, ஆரம்பத்துலயே மஞ்ச கலர்ல பெரிசா 2,999 போட்டா. அடியில எழுத்து போட்டா ஆப்போட பேரு, லைக்கு, கமென்ட்டு எல்லாம் வந்து மறச்சிக்கும். அதனால எழுத்த கொஞ்சம் மேல தூக்கி வச்சா. வெள்ள எழுத்து வெயில்ல தெரியாதுன்னு பின்னால கருப்பு பட்டை குடுத்தா. ஒரு நேரத்துல ரெண்டு வரிக்கு மேல இல்ல. ஒவ்வொரு எழுத்தும் ரெண்டு தடவ மெதுவா படிக்கற வரைக்கும் நிக்கும். ஃபோன்ல இருந்த ஆட்டோ கேப்ஷன் சிட்டிபாபுவோட தமிழ கேட்டு என்னென்னமோ எழுதினத எல்லாம் அழிச்சிட்டு, அவளே ஒக்காந்து வரி வரியா கையால அடிச்சா. ஒருநாள் பூரா ஆச்சு.

அப்புறம் எல்லாருக்கும் போட்டு காட்டினா. சிட்டிபாபு பாத்துட்டு, "நான் கொஞ்சம் கருப்பா தெரியறேன்"னாரு. மத்தபடி ஓக்கே. ஓனரு பாத்துட்டு "சூப்பர்"னாரு. நாலு நாளுல நாப்பத்தோராயிரம் பேரு பாத்தாங்க. கடை ஓனருக்கு அந்த நம்பர பாத்து காப்பி ரெண்டு டம்ளர் உள்ள போச்சு.

அந்த நாப்பத்தோராயிரத்துல ஒருத்தங்க தான் இப்ப அட்டப்பெட்டி மேல ஒக்காந்துக்கினு இருந்தது.

வாசல்ல பைக்கு நின்ன சத்தம் கேட்டுச்சு. ரேணிகுண்டாவுல பார்சல் எடுக்க போயிருந்த நாகபூஷணம் ஓனரு வந்துட்டாரு. ஹெல்மெட்ட கழட்டாமயே உள்ள வந்து, அட்டப்பெட்டி மேல இருந்த அம்மாவ பாத்தாரு, சிட்டிபாபுவ பாத்தாரு.

"ஏமைய்யா? இன்னா விஷயம்?"

சிட்டிபாபு சொன்னாரு. வெங்கடலட்சுமி நடுவுல நடுவுல திருத்தினாங்க. ஓனரு ஹெல்மெட்டுக்குள்ள இருந்தே கேட்டாரு.

"யம்மா, வீடியோவுல தெளிவா சொல்லி கீதேம்மா. சிட்டி, சத்தம் வையி."

சிட்டிபாபு ரிமோட்ட எடுத்து டிவி சத்தத்த ஏத்தினாரு. வீடியோ சிட்டிபாபு முழங்கினாரு. அத நேரா நம்ம கடைக்கு எடுத்துக்கினு வாங்க! கடையே அதிர்ந்துச்சு. வெங்கடலட்சுமி கடசி வரைக்கும் கவனமா கேட்டாங்க. கேட்டு முடிச்சி சொன்னாங்க:

"என் போன்ல இந்தாளு இப்டி பேசவே இல்ல."

"பேசலயா?"

"வாய தொறந்தாரு, மூடினாரு. எங்க வூட்டுக்காரரு தொலுக்காணம், கம்பெனியில நைட் செக்யூரிட்டி. பகல்ல தூங்குவாரு. ஒத்த ரூம்பு. நான் போன்ல சத்தம் வச்சே மூணு வருசம் ஆவுது. எவனாவது கால் பண்ணா கூட வெளிச்சத்த பாத்து தான் எடுக்கறேன்."

இங்க தான் ஹரிதாவுக்கு தைரியம் வந்துச்சு. சத்தமில்லாம பாக்கறவங்களுக்கு தானே அவ ஒருநாள் பூரா ஒக்காந்து எழுதினா! தப்பு அவ மேல இல்ல. அட்டப்பெட்டி சந்துல இருந்து வெளிய வந்தா. ஒரு காலுல செருப்பு மாட்டிக்கினு, ஒண்ணு உள்ளயே நின்னுபோச்சு.

"யக்கா, சத்தம் இல்லன்னா பரவால்ல. எல்லாம் எழுத்துல போட்டு தான் கீது. தோ பாருங்க." தன்னோட போன காட்டினா. அஞ்சாவது செகண்டுல நிறுத்தினா. கருப்பு பட்டையில வெள்ள எழுத்து, கண்ணாடி மாதிரி: பழைய கிரைண்டர கடைக்கு எடுத்துக்கினு வாங்க.

வெங்கடலட்சுமி போன வாங்கி, தூரமா வச்சி பாத்தாங்க, கிட்ட வச்சி பாத்தாங்க.

"இது இன்னா எழுத்து பாப்பா?"

"தமிழுக்கா."

"ஓ."

"நீங்க தமிழு தானேக்கா பேசறீங்க."

"பேசறேன். படிச்சது தெலுங்கு மீடியம். ஏழாங்கிளாசு வரைக்கும். எங்க ஊர்ல அந்த ஸ்கூலு தானே கீது. எனக்கு தெலுங்குல குடு, பேப்பரே படிப்பேன். இது எனக்கு ஜிலேபி சுத்தின மாதிரி கீது."

ஹரிதா சிட்டிபாபு பக்கம் திரும்பினா.

"அண்ணா. நீங்க பாத்து ஓக்கே சொன்னீங்களே."

"நான் எம் மூஞ்சிய பாத்தேன்."

"எழுத்து?"

சிட்டிபாபு தலைய சொறிஞ்சாரு. "நானும் தெலுங்கு மீடியம் தாம்மா. டென்த்து நகரியில. நீ எழுதினா சரியா தான் இருக்கும்னு..."

ஓனரு அப்ப தான் ஹெல்மெட்ட கழட்டினாரு. கழட்டி மேசை மேல வச்சி, அத தொடச்சிக்கினே இருந்தாரு.

"சார், நீங்க?"

"நான் தெலுங்கு தாம்மா. ஏதோ டிசைனு நல்லா கீதுன்னு சொன்னேன்."

டிவியில சிட்டிபாபு நாலாவது தடவயா பழைய கிரைண்டர எடுத்துக்கினு வர சொன்னாரு. சொன்னவருக்கே படிக்க தெரியாத எழுத்து அவரு நெஞ்சுக்கு குறுக்க ஓடிக்கினு இருந்துச்சு.

தமிழ்ல போடுன்னு சொன்னது ஓனரு தான். நம்ம கஸ்டமரு பாதி பேரு தமிழு பேசறவங்க, பிச்சாட்டூரு, நாகலாபுரம், சத்தியவேடு, அவங்களுக்கு அவங்க பாஷையில போடுன்னாரு. ஹரிதா பத்தாவது வரைக்கும் திருத்தணியில அத்த வீட்ல தங்கி தமிழ் மீடியம் படிச்சவ. பேசறவங்க எல்லாம் படிப்பாங்கன்னு அவ நெனச்சிக்கினா. அவ கூட்டாளிங்க எல்லாரும் படிச்சாங்க. ஆனா அவ கூட்டாளிங்க இருந்தது எல்லைக்கு அந்த பக்கம், தமிழ்நாட்டுல. வீடியோ ஓடினது இந்த பக்கம். பேச்சுக்கு எல்ல கிடையாது, எழுத்துக்கு இருந்துச்சு. பஸ்ஸுல முக்கா மணி நேரம்.

"அப்ப யக்கா, நீங்க என்னத்த பாத்து வந்தீங்க?" சிட்டிபாபு கேட்டாரு.

"நம்பர் தெரிஞ்சுதே. ரெண்டு ஒம்போது ஒம்போது ஒம்போது. நம்பர் எல்லாத்துலயும் ஒண்ணு தானே."

"சரி. நம்பர பாத்து வந்தீங்க. பழச ஏன் வித்தீங்க?"

வெங்கடலட்சுமி ஹரிதாவோட போன்ல வீடியோவ விரலால தள்ளி தள்ளி, எட்டாவது செகண்டுல நிறுத்தி, எல்லாருக்கும் திருப்பி காட்டினாங்க.

பழைய கிரைண்டரு. அது மேல செவப்பு கலர்ல, திரை முழுக்க, பெரிய இன்ட்டு மார்க்கு.

"இத பாத்தேன். பழசு வேணாம், ஒழிச்சி கட்டுன்றாரு. பின்னால நம்பரு. பின்னால புதுசு, அதுக்கு பச்ச டிக்கு. பழச ஒழிச்சிட்டு புதுசு வாங்கு. அதானே?"

அந்த எடத்துல ஹரிதா முதல்ல இன்ட்டு மார்க்கு வைக்கல. ஒரு அம்புக்குறி வச்சிருந்தா. பழைய கிரைண்டர்ல இருந்து கடை போர்டு வரைக்கும் போவும். பாக்கறதுக்கு எல்.கே.ஜி புள்ள போட்ட மாதிரி இருந்துச்சு. அத எடுத்துட்டா. ஆப்புல ஃப்ரீயா ஒரு செவப்பு இன்ட்டு மார்க்கு ஸ்டிக்கரு இருந்துச்சு, டொப்புன்னு வந்து விழும், ஆடும். அழகா இருந்துச்சு. வச்சா. யாருகிட்டயும் கேக்கல. யாரும் அத பத்தி இப்ப வரைக்கும் கேக்கவும் இல்ல. எல்லாரும் தமிழ் எழுத்த பத்தியே பேசிக்கினு இருந்தாங்க. தமிழ்ல போட சொன்னது ஓனரு. இன்ட்டு மார்க்கு போட்டது அவ.

அவ போன திருப்பி வாங்கி, முதுகுக்கு பின்னால மறச்சிக்கினா.

"இரும்புக்காரன் கிட்ட போன் பண்ணி பழச திருப்பி வாங்கலாமா?" ஓனரு கேட்டாரு.

"இன்னாத்த வாங்கறது? எங்க வாசல்லயே சுத்தியால போட்டு மோட்டார தனியா, டிரம்ம தனியா பிரிச்சிட்டான். கல்ல எங்கிட்டயே குடுத்துட்டான். துணி தொவைக்க வச்சிக்கோன்னான்."

ஓனரு பின்பக்கம் போயி பாத்தாரு. கொல்லப்பக்கம் ஏழு பழைய கிரைண்டரு வரிசையா குந்திக்கினு இருந்துச்சு, ஊருக்கு போக பஸ்ஸு கிடைக்காத ஜனங்க மாதிரி. ஒவ்வொண்ணு மேலயும் சாக்கட்டியில நம்பரு.

"நம்ம கிட்ட தான் ஏழு கீதே சார்," சிட்டிபாபு மெதுவா சொன்னாரு. "அதுல ஒண்ண இந்தக்கா பேர்ல..."

"ஏழு பழசு, ஏழு புதுசு. கம்பெனிக்காரன் பழச எண்ணி தான் லாரியில ஏத்துவான். எட்டு புதுசு போயி ஏழு பழசு வந்தா, எட்டாவதுக்கு தள்ளுபடி காச அவன் தரமாட்டான். ஒருத்தருக்கு வுட்டு குடுக்கலாம். நாளைக்கி இன்னொருத்தங்க வந்து குந்துவாங்க. அப்ப?" ஓனரு கெட்டவரு இல்ல. அவருக்கு கணக்கு தெரியும், அவ்ளோ தான்.

வெங்கடலட்சுமி அட்டப்பெட்டி மேல கொஞ்சம் சரியா ஒக்காந்துக்கினாங்க.

"அஞ்சே முக்காலுக்கு எங்க ஊருக்கு கடசி பஸ்ஸு. அதுக்குள்ள சொல்லுங்க. இன்னிக்கி இட்லி போடல. நாளைக்கும் போடலன்னா, தெரு மொனையில ஒருத்தி தோச கடை போட்டு கீறா. என் கஸ்டமரு அங்க போயி ஒக்காந்துட்டா, அப்புறம் எந்த கிரைண்டரு வந்து இன்னா பண்றது?"

கோவமா சொல்லல. கறிவேப்பில வெல சொல்ற மாதிரி சொன்னாங்க. அது தான் ஹரிதாவ போட்டு அறுத்துச்சு.

"சார்," ஹரிதா சொன்னா. கொரலு எங்கயோ ஃபிரிட்ஜு பெட்டிக்குள்ள இருந்து வந்த மாதிரி இருந்துச்சு. "எங்க வீட்ல ஒரு பழைய கிரைண்டரு சும்மா கெடக்குது. ஓடாது. அத எடுத்துக்கினு வரேன். இந்தக்கா கணக்குல வச்சிக்கோங்க."

"ஓடாதா?"

"ஓடாது சார்."

"உங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அம்மாவே தூக்கி போட சொல்லிக்கினு இருந்தாங்க."

பொய் சொல்றது அவ்ளோ சுலபம்னு அவளுக்கு அது வரைக்கும் தெரியாது.

சிட்டிபாபு ஒரு ஷேர் ஆட்டோவ புடிச்சி குடுத்தாரு. வீடு நாலு தெரு தள்ளி. அம்மா வீட்ல இல்ல, ரேஷன் கடைக்கு போயிருந்தாங்க. நைனாவும் இல்ல, ரேணிகுண்டா வொர்க்ஷாப்புல இருந்து வர ஏழு மணி ஆவும். சமையலறையில கிரைண்டரு, மேல துணி போத்திக்கினு, இருந்த எடத்துல இருந்துச்சு. அதுக்கு பக்கத்துலயே ரெண்டு பாத்திரம். ஒண்ணுல அரிசி ஊறிக்கினு இருந்துச்சு. ஒண்ணுல உளுந்து.

சும்மா ஒரு தடவ சுவிட்சு போட்டு பாத்தா. ஜோரா ஓடிச்சு.

ஆட்டோக்காரரும் அவளுமா தூக்கி ஏத்தினாங்க. ஊற வச்ச பாத்திரத்து மேல தட்டு போட்டு மூடிட்டு வந்தா. தட்டு எதுக்கு போட்டான்னு அவளுக்கே தெரியல. அரிசி பாத்துடும்னு நெனச்சாளோ இன்னாவோ.

கடையில ஓனரு அதுக்கு சாக்கட்டியால எட்டுன்னு எழுதினாரு. ஃபோட்டோ எடுத்தாரு. "பளபளன்னு கீதேம்மா, ஓடாதுன்றியே," அப்டின்னாரு. ஹரிதா தலையாட்டினா. அவரு அதுக்கு மேல கேக்கல. வெங்கடலட்சுமி பெட்டி மேல இருந்து எறங்கி, முடிச்ச அவுத்து, சில்றயோட எண்ணி குடுத்தாங்க.

"பாப்பா," அவங்க சொன்னாங்க, "பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் கீது. அந்த வீடியோவ மாத்து. மாத்தி என்கிட்ட காட்டு. சத்தம் வைக்காத."

ஓனருக்கு இது புடிச்சிருந்துச்சு. "கரெக்டு. இந்தம்மாவ வச்சே செக்கு பண்ணு. நம்ம மூணு பேரும் பாத்த லட்சணம் தெரியும்."

ஹரிதா கவுண்டர்ல ஒக்காந்து மாத்தினா. வேல தெரிஞ்ச கையி. தமிழ் வரிய அப்டியே வச்சி, அதுக்கு மேல தெலுங்கு வரிய கொஞ்சம் பெரிசா போட்டா. தெலுங்கு வரிய சிட்டிபாபு சொல்ல சொல்ல, இன்டர்ல கத்துக்கினத வச்சி எழுதினா, ஓனரு படிச்சி பாத்தாரு. இந்த தடவ நெசமாவே படிச்சாரு. ரெண்டு பாஷ போட்டா ஒரு நேரத்துல ஒரு வரிக்கு தான் எடம் கெடைக்கும். அதனால வாக்கியத்த எல்லாம் ஒடச்சி சின்னதாக்கினா. எழுத்து நிக்கற நேரத்த ஏத்தினா. முப்பது செகண்டு நாப்பது ஆச்சு.

அப்புறம் இன்ட்டு மார்க்கு. அத தொட்டா. குப்பத்தொட்டி படம் வந்துச்சு. அமுக்குனா. ஒரு செகண்டுல போயிடுச்சு. அவ்ளோ தான்.

அந்த எடத்துல எழுத்தே இல்லாம போட்டா: பழைய கிரைண்டரு படம், பக்கத்துல ப்ளஸ், பக்கத்துல 2,999, பக்கத்துல ஈக்குவல் டூ, பக்கத்துல புது கிரைண்டரு. கடசில அந்த எல்.கே.ஜி அம்புக்குறி, பழசுல இருந்து கடை போர்டு வரைக்கும்.

வெங்கடலட்சுமி பாத்தாங்க. உதடு அசைஞ்சிக்கினே பாத்தாங்க.

"பழச கடைக்கு எடுத்துக்கினு போவணும். அதோட இந்த காசு குடுக்கணும். ரெண்டும் குடுத்தா புதுசு." போன திருப்பி குடுத்தாங்க. "இத முன்னாலயே போட்டிருந்தா என் கிரைண்டரு என்கிட்ட இருந்திருக்கும். ஓடிக்கினு இருந்துச்சு பாப்பா அது. கொஞ்சம் தண்ணி ஒழுகும், அவ்ளோ தான்."

"சாரிக்கா."

"நீ இன்னா பண்ணுவ. உங்க வீட்டுது பழசு இருந்துச்சே, நல்லதா போச்சு. உங்கம்மா கிட்ட சொல்லு, நாகலாபுரம் பக்கம் வந்தா இட்லி துன்னுட்டு போவ சொல்லு."

சிட்டிபாபு பெட்டிய தோள்ல தூக்கிக்கினு பஸ்ஸு வரைக்கும் போனாரு. டிவியில புது வீடியோ ஓடிச்சு. பழச ஹரிதா டெலிட் பண்ணா. இந்த தடவ மூணு புள்ளி ஒடனே கெடச்சுது.

டெலிட் பண்றதுக்கு முன்னால நம்பர பாத்தா. நாப்பத்தோராயிரத்து எரநூத்து அறுவது. ஷேர் பண்ணவங்க ஆயிரத்து சொச்சம். அது அவங்கவங்க ஸ்டேட்டஸ்ல, குரூப்புல, டவுன்லோட் பண்ணி வச்ச போன்ல ஓடிக்கினு இருக்கும். டெலிட் அங்க எல்லாம் போவாது. சிலிண்டர்காரரு கூட ஸ்டேட்டஸ் வச்சிட்டாரு, இப்ப தான், "நம்ம புத்தூர் கடை"ன்னு.

டெலிட்டுக்கு முன்னால ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்ச லிஸ்ட்ட பாத்து, கமென்ட்டு போட்டவங்களுக்கு எல்லாம் தெலுங்குலயும் தமிழ்லயும் ஒண்ணொண்ணா அனுப்ப ஆரம்பிச்சா: பழச விக்காதீங்க, கடைக்கு எடுத்துக்கினு வாங்க. எரநூத்து பத்து பேரு. பாக்கி பேரு வெறுமன பாத்துட்டு போனவங்க. பாத்தவங்க எத்தினி பேருன்னு ஆப்பு சொல்லும். எவ்ளோ நேரம் பாத்தாங்கன்னு சொல்லும். சத்தத்த மூடிக்கினு பாத்தாங்களா, எழுத்து படிச்சாங்களா, இன்ட்டு மார்க்க பாத்து என்னத்த புரிஞ்சிக்கினாங்க, அத எங்கியும் சொல்லாது.

போன் அடிச்சுது. அம்மா.

"ஹரிதா, கிரைண்டர காணோமே?"

"ரிப்பேருக்கு எடுத்துக்கினு வந்தேம்மா. மோட்டாரு சத்தம் வந்துச்சு இல்ல."

"என் காதுக்கு ஒண்ணும் வரலயே. அரிசி ஊறிக்கினு கீதுடி. எப்ப வரும்?"

"வந்துடும்மா" அப்டின்னு சொல்லிட்டு கட் பண்ணா.

கொல்லப்பக்கம் எட்டாவது நம்பரு கிரைண்டரு, மத்த ஏழோட சேந்து, இருட்டுல குந்திக்கினு இருந்துச்சு. நாளைக்கி காலையில லாரி வந்துடும். அம்மா கிட்ட எதையாவது சொல்லி சமாளிக்கலாம், அடி வாங்கலாம், சம்பளத்துல புடிச்சி ஒரு கிரைண்டரு கூட வாங்கலாம். அதுக்கெல்லாம் ஏதோ ஒரு வழி இருந்துச்சு.

கிரைண்டரு அவ வீட்ல இருந்தது ஒண்ணே ஒண்ணு. அத குடுத்தாச்சு. வெங்கடலட்சுமியாவது ரெண்டு பஸ்ஸு மாறி வந்து பெட்டி மேல குந்துனாங்க. அந்த செவப்பு இன்ட்டு மார்க்க பாத்துட்டு, ஓடற கிரைண்டர இரும்புக்காரன் சுத்தியாலுக்கு குடுத்துட்டு, காச முடிஞ்சிக்கினு இன்னும் பஸ்ஸு ஏறாம இருக்கறவங்க எத்தினி பேரு?